டெட்லிஃப்ட்: பார் எழும்புறதுக்கு முன்னாடியே இடுப்பு மேல போயிடுது, கீழ்முதுகு மட்டும் புடிக்குது. உதவி பண்ணுங்க

இரும்புப்பிரியன்:
வணக்கம் நண்பர்களே. 70 கிலோ வரைக்கும் நல்லா வருது. 100 போட்டா பார் தரையில இருக்கும்போதே பின்பக்கம் சட்டுனு மேல ஏறிடுது, அப்புறம் மீதியை முதுகை வச்சே இழுக்கற மாதிரி இருக்கு. மறுநாள் கீழ்முதுகு ரெண்டு பக்கமும் இறுக்கமா இருக்கு, க்ளூட்லயும் ஹாம்ஸ்ட்ரிங்லயும் ஒண்ணுமே தெரியல. வீடியோல முதுகு வளையல, நேராதான் இருக்கு. என் க்ளூட் வேலையே செய்யலையா? தரையிலிருந்து எடுக்கும்போது எந்த தசை என்ன பண்ணணும்?

ஜிம்பாய்_சேலம்:
ப்ரோ க்ளூட் ஆக்டிவேட் ஆகல, அதான். முன்னாடி க்ளூட் பிரிட்ஜ் போட்டுட்டு போங்க. அப்புறம் ஸ்குவாட் மாதிரி பின்பக்கத்தை நல்லா கீழ இறக்கி ஆரம்பிங்க, முதுகுக்கு வேலையே வராது.

பளுதூக்கி:
சேலம் தம்பி சொன்னதுல பிரிட்ஜ் போட்டா தப்பில்ல, ஆனா ஸ்குவாட் மாதிரி இறக்குறதுதான் இந்த பிரச்சனையையே கிளப்பி விடும். பாரம் அதிகமானா தோள் பாருக்கு நேர் மேல, இல்ல துளி முன்னாடி வந்தாதான் பார் கிளம்பும். நீங்க அதை விட கீழ உக்காந்தா, இழுக்க ஆரம்பிச்சதும் உடம்பு தானா அந்த இடத்துக்கு ஏறிக்கும், அதைத்தான் வீடியோல பாக்குறீங்க.

முதுகுக்கு வேலை வராதுங்கறதும் சரியில்ல. எரெக்டர் பாரை தூக்கறதில்ல, முதுகெலும்பை வளைய விடாம புடிச்சு நிக்குது, இடுப்புல வர்ற பலத்தை தோளுக்கு கொண்டு போற வழியே அதுதான். தூக்கறது ஆரம்பத்துல தொடை முன்பக்கமும் க்ளூட்டும் சேர்ந்து: ஒண்ணு முட்டியை நீட்டுது, இன்னொண்ணு இடுப்பை திறக்குது. ஹாம்ஸ்ட்ரிங் முட்டிக்கு கீழ இருந்து இடுப்பு எலும்பு வரைக்கும் ஓடறதால ரெண்டு மூட்டையும் கட்டி வைக்குது. முட்டியும் இடுப்பும் சேர்ந்து விரிஞ்சா அதோட நீளம் பெருசா மாறாது, இழுவை அப்படியே இடுப்புக்கு போயிடும்.

உங்களுக்கு முட்டி மட்டும் நீளுது, இடுப்பு திறக்கல, பார் அசையவே இல்ல. உடம்பு படுத்துடுது. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவுல தரைக்கு இணையா அளந்தா 40 செ.மீ. இருந்தது 47 ஆச்சுன்னு வைங்க, அதே 100 கிலோவுக்கு இடுப்புலயும் கீழ்முதுகுலயும் சுமை கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கூடிடும். அதான் எரெக்டர் மறுநாள் கத்துது. வலியை வச்சு எந்த தசை உழைச்சதுன்னு முடிவு பண்ணாதீங்க, க்ளூட் வேலை செய்யாம 100 கிலோவோட நிமிர்ந்திருக்கவே முடியாது.

ஐடி_முதுகு:
எனக்கும் கீழ்முதுகு வலிதான், உக்காந்து வேலை, டெட்லிஃப்ட் போட்டதுக்கு அப்புறம் ஒரு பக்கமா காலுக்கு இறங்குது, பாதம் மரத்து போகுது. பெல்ட் போட்டா சரியாகுமா?

பளுதூக்கி:
சார் உங்களுது வேற விஷயம். காலுக்கு இறங்கறது, மரத்து போறதுன்னா நரம்பு சம்பந்தப்பட்டிருக்கலாம், பெல்ட் பதில் இல்ல. தூக்கறதை நிறுத்திட்டு டாக்டரை பாருங்க. சிறுநீர் போறதுல சிரமம், கால் பலம் குறையறது வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

நெல்லை_பவர்:
ஒண்ணு கேக்கணும், உங்க ஜிம்ல என்ன பிளேட்? பெரிய பிளேட் 45 செ.மீ. விட்டம், பார் தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்துல இருக்கும். சின்ன 10 கிலோ பிளேட்டா அடுக்கி 100 ஆக்கினா பார் ரொம்ப கீழ போயிடும், நீங்க எப்படி நின்னாலும் உடம்பு படுக்கும்.

இரும்புப்பிரியன்:
ஆமாண்ணா எல்லாமே சின்ன பிளேட்தான், அளந்து பாத்தா பார் 17 செ.மீ.லதான் இருக்கு!

பளுதூக்கி:
அப்போ ரெண்டு பக்கமும் ரப்பர் மேட் அடுக்கி 22 கிட்ட கொண்டு வாங்க. பார் பாதத்து நடுவுக்கு மேல. இடுப்பை மேல தூக்கி ஹாம்ஸ்ட்ரிங் இறுகற வரைக்கும் நின்னுட்டு, முட்டிக்கு கீழ இருக்கற கால் முன் எலும்பு பாரை தொடற வரைக்கும் மட்டும் முட்டியை மடக்குங்க. அப்புறம் வெடுக்குனு இழுக்காம பாரை மெல்ல மேல இழுங்க, பாருக்கும் பிளேட்டுக்கும் நடுவுல "டக்"னு சத்தம் கேக்கும், அந்த இறுக்கத்தோட தரையை காலால தள்ளுங்க. 80ல ஆரம்பிங்க. பக்கவாட்டுல வீடியோ எடுத்தா பாரும் இடுப்பும் ஒரே நேரத்துல கிளம்பணும்.

ஜிம்பாய்_சேலம்:
ஆனா தொடை முன்பக்கம் வீக்கா இருந்தாலும் இடுப்பு ஏறும்னு எங்க கோச் சொல்வாரு.

பளுதூக்கி:
சொல்றவங்க இருக்காங்க, முழுசா தள்ளவும் முடியாது. உயரத்தை சரி பண்ணி ஆரம்ப நிலையும் சரியானதுக்கு அப்புறமும் ஏறுதுன்னா அதை யோசிக்கலாம்.

இரும்புப்பிரியன்:
மேட் போட்டு 80 பண்ணேன், பார் கூடவே இடுப்பு வருது, ஹாம்ஸ்ட்ரிங் ஆரம்பத்துலயே இழுக்குது. 100ல முதல் ரெப் ஓகே, கடைசி ரெப்ல திரும்ப லேசா ஏறுது. இது களைப்பா, தொடை வீக்கா?

நெல்லை_பவர்:
ரெப்புக்கு ரெப் பாரை தரையில முழுசா நிறுத்தி திரும்ப செட் பண்றீங்களா, இல்ல தட்டி எடுக்கறீங்களா? அந்த வீடியோவை போடுங்க.