R-2R ஏணி: 127-லிருந்து 128-க்குப் போகும்போது வோல்டேஜ் குறைவது ஏன்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

செம்புக்கம்பி:
எண்ணை வோல்டேஜா மாத்துற 8 பிட் ஏணி, R = 1 கிலோ ஓம், 2R = 2 கிலோ ஓம், எல்லாம் 1 சதவீத ரெசிஸ்டர். 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலர் பின்களில் நேரடியாக மாட்டியிருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் 19.5 மில்லிவோல்ட் ஏறணும். 127-க்கு 2.496 வோல்ட் வருது, 128-க்கு 2.484. ஏறுவதற்குப் பதிலா 12 மில்லிவோல்ட் இறங்குது. வேற எங்கயும் இறங்கல. இதைப் பார்த்தவங்க இருக்கீங்களா?

ஓம்காரன்:
ரெசிஸ்டர் மதிப்பு ரொம்பக் குறைவு, அதான். 100 கிலோ ஓம் போடுங்க, சரியாயிடும். ஏணியில் எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது.

அலைவரிசை:
முதல் பாதி சரி, இரண்டாவது பாதியை ஏற்க முடியாது. காரணத்தைப் பார்த்தால் புரியும்.

மேல் பிட்டின் 2R காலும், அதற்குக் கீழே இருக்கும் மொத்த ஏணியும் வெளியீட்டு முனையில் சந்திக்கின்றன. அந்த முனையிலிருந்து பார்த்தால் கீழ் ஏணியின் தடையும் 2R-தான். இரண்டும் சமமாக இருப்பதால்தான் மேல் பிட் சரியாகப் பாதி வோல்டேஜ், 2.5, தருகிறது. அடுத்த பிட் அதில் பாதி, அதற்கடுத்தது அதிலும் பாதி.

128-இல் மேல் பிட் தனியாக நிற்கிறது. 127-இல் மற்ற ஏழும் சேர்ந்து நிற்கின்றன. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு படிதான் வித்தியாசம். மேல் கால் சுமார் 0.8 சதவீதம் கூடினாலே அந்தப் படி காணாமல் போகும். 1 சதவீதம் கூடினால் 5 மில்லிவோல்ட் தலைகீழாக இறங்கும். 1 சதவீத ரெசிஸ்டர் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாத இடம் இது.

உங்கள் விஷயத்தில் எனக்குப் பின்னின் உள்தடைமேல்தான் சந்தேகம். 40 ஓம் என்று வைத்துக்கொண்டால் 2 கிலோ ஓம் கால் 2.04 ஆகிறது. கீழ் ஏணியின் தடையோ சுமார் 2.013 மட்டுமே. கணக்குப் போட்டால் நீங்கள் சொன்ன 12 மில்லிவோல்ட் இறக்கம் அப்படியே வருகிறது.

சோதிக்க எளிய வழி: 128-ஐ வைத்துவிட்டு, மேல் பிட்டின் பின்னிலேயே மல்டிமீட்டரை வையுங்கள். சப்ளை 5.00 இருக்கும்போது பின்னில் 4.95 காட்டினால் குற்றவாளி பின். 5.00-ஐ ஒட்டிக் காட்டினால் ரெசிஸ்டரைச் சந்தேகியுங்கள்.

மின்தடை மன்னன்:
எனக்கும் இதே பிரச்சினைதான். 255 கொடுத்தாலும் 2.49-க்கு மேல ஏறல. R 10 கிலோ ஓம், வெளியீட்டில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர்.

அலைவரிசை:
அது வேறு விஷயம். ஏணியின் வெளியீட்டுத் தடை எப்போதும் R. அதே அளவு சுமையைத் தரைக்கு மாட்டினால் எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் பாதியாகும், ஆனால் படிகள் சமமாகவே இருக்கும். இடையில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வையுங்கள்.

ஓம்காரன் சொன்ன 100 கிலோ ஓமிலும் இதே தடைதான் உதைக்கும். பஃபர் உள்ளீட்டிலும் கம்பியிலும் சேர்த்து 30 பிக்கோஃபாரட் இருந்தால், வோல்டேஜ் 8 பிட் துல்லியத்துக்கு நிலைபெறவே 19 மைக்ரோசெகண்ட் போய்விடும். மெதுவாக மாறும் வோல்டேஜுக்குப் பரவாயில்லை, ஆடியோவுக்கு வேண்டாம். 10 கிலோ ஓம் நல்ல நடு வழி: அதே 40 ஓம் இருந்தாலும் 127-லிருந்து 128-க்கு 16 மில்லிவோல்ட் ஏறும்.

பழைய சால்டர்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 20 கிலோ ஓம் தனியாகத் தேடாதீர்கள். ஒரே பட்டையிலிருந்து 10 கிலோ ஓம் 25 எடுங்கள். ஏழு R-க்கு ஒவ்வொன்று, எட்டுக் காலுக்கும் கடைசித் தரைக் காலுக்கும் இரண்டிரண்டு தொடராக. அடுத்தடுத்து வந்தவை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். எல்லாம் ஒரே அளவு கூடினால் விகிதம் மாறாது, ஏணிக்கு வேண்டியது அதுதான். மீட்டரில் பொறுக்குவதென்றால் மேல் இரண்டு பிட்டுக்குப் பொறுக்கினால் போதும், கீழே போகப்போகத் தாங்கும் அளவு இரட்டிப்பாகும்.

அலைவரிசை:
இரண்டு போதுமா என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மூன்றாவது பிட்டையும் பொறுக்குவேன், சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொள்ளும்.

செம்புக்கம்பி:
பின்னில் 4.95! 10 கிலோ ஓமுக்கு மாத்தினதும் 4.995 ஆச்சு, 127-லிருந்து 128-க்கு 15 மில்லிவோல்ட் ஏறுது. ஆனா 63-லிருந்து 64-க்கு 11தான். இது இரண்டாவது காலா, அதுக்குக் கீழே இருக்கும் R-ஆ? 191-லிருந்து 192-ஐயும் அளந்தா தெரியுமா?

அலைவரிசை:
தெரியாது. அங்கேயும் மாறுவது அதே பிட்கள்தான், அதே 11 வரும். இரண்டையும் கழற்றித்தான் அளக்கணும்.

பழைய சால்டர்:
11 ஏறினால் ஏறுகிறதே. நான் தொடமாட்டேன்.