ஒரு கிலோ வெங்காயம், மூன்று முயற்சி: பொன்னிறத்துக்கும் அடர்பழுப்புக்கும் நடுவே நான் பட்ட பாடு

மழைக்குருவி:
விடுதியிலிருந்து லீவுக்கு வந்த மகள் பிரெஞ்சு வெங்காய சூப் வேண்டும் என்றாள். அவள் காட்டிய செய்முறையில் "வெங்காயத்தை 15 நிமிடம் கேரமலைஸ் செய்யவும்" என்று ஒரே ஒரு வரி. தினமும் குழம்புக்கு வெங்காயம் வதக்குகிற கைதானே, இதில் என்ன இருக்கிறது என்று இறங்கிவிட்டேன்.

முதல் தடவை அந்த 15 நிமிடத்தை நம்பித் தீயைக் கூட்டி வைத்தேன். ஓரமெல்லாம் கருத்துவிட்டது, நடுத்துண்டைக் கடித்தால் நறுக்கென்று பச்சை வாடை. நிறம்தான் வந்துவிட்டதே என்று அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். சூப் முழுக்கக் காந்தல் கசப்பு, சாக்கடையில் கொட்டினேன்.

இரண்டாவது தடவை பயம் பிடித்துக்கொண்டது. சிம்மில் வைத்து 40 நிமிடம் மூடியே வைத்தேன். கொஞ்சம் ஒட்டுவது போலத் தெரிந்தால் உடனே அரை டம்ளர் தண்ணீர். கடைசியில் கிடைத்தது வெளிறிப்போன கூழ். இனிப்பு இருந்தது, ஆனால் நிறமும் இல்லை, வறுபட்ட வாசனையும் இல்லை. அது மறுநாள் குருமாவுக்குள் போனது.

நேற்று மூன்றாவது தடவை, ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று வதக்கியதில் சரியாக வந்தது. ஆனால் ஏன் சரியாக வந்தது என்று எனக்கே முழுதாகப் புரியவில்லை. உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

தம்பிரியாணி:
இதற்கா இவ்வளவு பாடு? மெல்லிசாக நறுக்கி, கையால் உதிர்த்து, மூழ்குகிற எண்ணெயில் போட்டால் கால் மணி நேரத்தில் மொறுமொறு என்று பழுப்பாகிவிடும். நான் பிரியாணிக்கு வாராவாரம் செய்கிறேன். ஒன்றை மட்டும் கவனியுங்கள், நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்பே அரித்து எடுத்துத் தாளில் பரப்ப வேண்டும். எடுத்த பிறகும் அதிலுள்ள சூட்டில் நிறம் ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டும் தெளித்துவிடாதீர்கள், எண்ணெய் முகத்தில் அடிக்கும்.

மழைக்குருவி:
அண்ணா, நீங்கள் சொல்வது பொரித்த வெங்காயம். நான் கேட்பது பிசுபிசுவென்று மெத்தென்று வருகிற வதக்கல். மொறுமொறுப்பு வந்தால் சூப்புக்கு ஆகாது.

தம்பிரியாணி:
ஓ, சரி சரி. நான் தலைப்பில் "பழுப்பு" என்பதைப் பார்த்ததும் பிரியாணிக்குப் போய்விட்டேன்.

குக்கர்விசில்:
ஒரு மணி நேரமெல்லாம் தேவையே இல்லை அக்கா. கேரமலைஸ் என்றால் சர்க்கரை கருகுவதுதானே? வெங்காயம் போட்ட உடனே ஒரு ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை ஆப்பசோடா. எனக்கு 20 நிமிடத்தில் நல்ல காபி நிறம் வந்துவிடும்.

கப்பல்சமையல்:
பயணிகள் கப்பலில் 11 வருடம் சமையல் வேலை பார்த்தவன் நான். இந்த சூப்புக்கு ஒரே தடவையில் 20 கிலோ வெங்காயம் போடுவோம், முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் இந்த 15 நிமிடக் கதையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

குக்கர்விசில் தம்பி சொன்னதில் பாதி உண்மை. சோடா போட்டால் நிறம் சீக்கிரம் வரும், ஆனால் வெங்காயம் இழை இழையாக நிற்காமல் ஜாம் மாதிரி குழைந்துவிடும். அளவு ஒரு துளி கூடினாலும் சோப்பு வாடை. சட்னிக்கு அரைக்கப் போகிறோம் என்றால் பரவாயில்லை. சர்க்கரை போட்டால் அந்தச் சர்க்கரைதான் முதலில் நிறம் மாறுகிறது. கண்ணுக்குப் பழுப்பாகத் தெரியும், வெங்காயம் உள்ளே தயாராகியிருக்காது. அப்புறம், அந்தப் பழுப்பு வெறும் சர்க்கரை கருகுவது மட்டும் இல்லை. வெங்காயத்தில் இருக்கும் கொஞ்சப் புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வருகிற நிறமும் மணமும் அதில் பெரும்பங்கு. இறைச்சி வறுபடும்போது வருகிற மணத்துக்கு இது சொந்தம்.

மழைக்குருவி அம்மா, உங்கள் முதல் இரண்டு தடவையும் ஒரே இடத்தில்தான் தவறின. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் வெங்காயம் வேகுமே தவிர வறுபடாது, ஏனென்றால் சூடு தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டாது. முதல் தடவை தண்ணீர் வெளியேற நேரமே கொடுக்காமல் ஓரத்தைக் கருக்கினீர்கள். இரண்டாவது தடவை தண்ணீரை வெளியேறவே விடவில்லை, போதாததற்கு நீங்களும் ஊற்றினீர்கள். மூன்றாவது தடவை என்ன செய்தீர்கள் என்று நிமிடக் கணக்கோடு சொல்லுங்கள், எங்கே பிடித்தது என்று பார்ப்போம்.

மழைக்குருவி:
அடி கனமான எவர்சில்வர் சட்டி. தோல் நீக்கியபின் வெங்காயம் 900 கிராம் சுமார். நீளவாக்கில், தீக்குச்சியை விடக் கொஞ்சம் தடிமனாக நறுக்கினேன். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், ஒரு டீஸ்பூன் உப்பு.

முதல் 10 நிமிடம் மிதமான தீயில் மூடி வைத்தேன். திறந்தபோது பாதியாக அமுங்கி, அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மூடியை எடுத்துவிட்டு அதே தீயில் இன்னொரு 15 நிமிடம். அதுவரை சளசளவென்று இருந்த சத்தம் திடீரென்று சுர்ர் என்று மாறியது. அப்போது நிறம் வெளிர் பொன்.

பிறகு தீயைக் குறைத்தேன். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறல். சுமார் 35வது நிமிடம் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டியது. இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினேன். படலம் கரைந்து வெங்காயம் ஒரே நொடியில் நிறம் மாறியது! அப்புறம் அதே மாதிரி இன்னும் நான்கு தடவை, ஒவ்வொன்றுக்கும் ஆறேழு நிமிடம் இடைவெளி. 65வது நிமிடம் இறக்கினேன். 900 கிராம் போட்டதில் ஒரு பெரிய கிண்ணம்கூட நிரம்பவில்லை.

கப்பல்சமையல்:
அந்தச் சத்தம் மாறிய இடத்தைப் பிடித்தீர்களே, அதுதான் விஷயம். கடிகாரம் வேண்டாம், காது போதும். சளசள என்றால் தண்ணீர் இருக்கிறது, சுர்ர் என்றால் தண்ணீர் போய்க் கொழுப்பில் வறுபட ஆரம்பித்துவிட்டது.

தண்ணீர் தெளிப்பதும் அதன் பிறகுதான். கருகாமல் இருக்கத்தான் தண்ணீர் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான். அடியில் ஒட்டும் பழுப்புப் படலத்தில்தான் பாதி ருசி இருக்கிறது, அதைக் கரைத்து மறுபடி வெங்காயத்தின் மேல் பூசுவதற்குத்தான் முக்கியமாகத் தண்ணீர். அதனால் படலம் உருவாகும் முன்பே ஊற்றினால் கரைக்க ஒன்றும் இருக்காது, மறுபடி வேகவைத்தலாகத்தான் முடியும். உங்கள் இரண்டாவது தடவை அப்படி. ஒரு தடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி போதும், ஒரு நிமிடத்துக்குள் வற்றிவிட வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கேட்கிறது என்றால் தீ அதிகம் என்று அர்த்தம், தண்ணீர் தெளிப்பதை நிறுத்தித் தீயைக் குறையுங்கள்.

படலத்தின் நிறத்தையும் பாருங்கள். வெல்லப்பாகு நிறம் என்றால் தெளிக்கலாம். டிகாஷன் நிறம் என்றால் உடனே தெளிக்க வேண்டும். கறுப்பாகிவிட்டால் தெளிக்கவே கூடாது! அப்போது தண்ணீர் விட்டுச் சுரண்டினால் கசப்பு எல்லா வெங்காயத்துக்கும் பரவும். சுரண்டாமல் மேலாக அள்ளி வேறு சட்டிக்கு மாற்றி, கறுத்ததை அங்கேயே விட்டுவிடுங்கள். உங்கள் முதல் சூப்பைக்கூட இப்படிக் கொஞ்சம் காப்பாற்றியிருக்கலாம்.

வத்தக்குழம்பு:
எல்லாம் சரி, ஆனால் இதைப் படித்துவிட்டு யாராவது கோழிக்குழம்புக்கும் ஒரு மணி நேரம் வதக்கப் போகிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன். என் மருமகள் ஒரு நாள் அப்படிச் செய்தாள். மிளகாயும் மல்லியும் எவ்வளவு போட்டும் குழம்பு தித்தித்தது, நிறமும் மண்டி மாதிரி.

குழம்புக்குப் பொன்னிறம் போதும். மூன்று பெரிய வெங்காயம் என்றால் மிதமான தீயில் 10, 12 நிமிடம். பச்சை வாடை போய், கண்ணாடி மாதிரி ஆகி, ஓரத்தில் மட்டும் பொன்னிறம் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் தக்காளியும் மசாலாவும் அரை மணி கொதிக்கப் போகிறது அல்லவா? தக்காளியை முன்னதாகக் கொட்டிவிட்டால் அந்தப் புளிப்பிலும் தண்ணீரிலும் வெங்காயம் அப்படியே நின்றுவிடும், மறுபடி நிறமே வராது. தண்ணீர் தெளிக்கிற வேலை இதில் அநேகமாகக் கிடையாது. மசாலாத்தூள் போடும்போது அடிப்பிடித்தால் மட்டும் ஒரு கை தெளிப்பேன். உப்பும் நான் முதலில் போட மாட்டேன், தண்ணீர் விட்டுக்கொண்டு நிறம் தாமதமாகும்.

கப்பல்சமையல்:
அம்மா, உப்பில் மட்டும் எனக்கு வேறு கருத்து. முதலிலேயே போட்டால் தண்ணீர் சீக்கிரம் வெளியே வரும், சீக்கிரம் வற்றியும் விடும். ஒரு கிலோவுக்கு அது லாபம்.

வத்தக்குழம்பு:
ஒரு கிலோவுக்கு லாபமாக இருக்கலாம் தம்பி. மூன்று வெங்காயத்தில் நான் 40 வருடமாகப் பார்க்கிறேன்.

தனிக்குடித்தனம்:
என்னிடம் இருப்பது ஒரு இண்டக்ஷன் அடுப்பும் ஒரு நான்ஸ்டிக் வாணலியும். நடுவில் வட்டமாகக் கருகுகிறது, ஓரத்தில் பச்சையாகவே கிடக்கிறது. குறைத்து வைத்தால் அடுப்பு விட்டு விட்டு எரிகிறது. படலம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

கப்பல்சமையல்:
நான்ஸ்டிக்கில் படலம் சரியாக ஒட்டாது, அதனால் அதில் தண்ணீர் தெளிப்பதில் பெரிய பலன் இல்லை. நிறம் வரும், அந்த ஆழம் வராது என்பது என் எண்ணம். அடி தட்டையான இரும்புத் தோசைக்கல்லோ கனமான சட்டியோ இருந்தால் இண்டக்ஷனில் சூடு கொஞ்சம் பரவி நிற்கும். விட்டு விட்டு எரிவதற்கு என்னிடம் மருந்து இல்லை, நான் வேலை பார்த்த அடுப்புகள் வேறு.

குக்கர்விசில்:
நான்ஸ்டிக்கிலும் எனக்கு நல்லாத்தான் வருகிறது. ஆழம் என்பதெல்லாம் கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது.

தம்பிரியாணி:
இப்போது எனக்கு ஆசை வந்துவிட்டது. நெய்யில் செய்யலாமா? வெண்ணெய் கருகுகிறது என்று சொல்கிறார்களே?

கப்பல்சமையல்:
தாராளமாக. வெண்ணெயில் உள்ள பால் திட்டுதான் முதலில் கருகும், நெய்யில் அது இல்லை. மூழ்க மட்டும் ஊற்றிவிடாதீர்கள், நீங்கள் பழக்கதோஷத்தில் ஊற்றிவிடுவீர்கள்.

மழைக்குருவி:
மகள் சனிக்கிழமை தோழிகளை அழைத்து வருகிறாளாம், அதே சூப்தான் வேண்டுமாம். இரண்டு கிலோவை ஒரே சட்டியில் போடலாமா அண்ணா?

கப்பல்சமையல்:
உங்கள் சட்டியின் விட்டம் எவ்வளவு?

மழைக்குருவி:
ஒரு சாண், அதற்கு மேல் நான்கு விரல்.

கப்பல்சமையல்:
பத்தாது. அடியில் இருப்பது வறுபடும், மேலே இருப்பது ஆவியில் வேகும், கிளறிக் கிளறிக் கை வலிக்கும். இரண்டு சட்டியில் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். வெள்ளிக்கிழமை இரவே முடித்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால் சனிக்கிழமை வடிசாறு ஊற்றிக் கொதிக்க வைக்கிற வேலைதான்.