புதுப்பிப்பு: வங்கி முகாமையாளருக்கு எழுதிய காசுப் பாய்ச்சல் கடிதம்

"தீபாவளிக்கு விற்பனை கூடுமென்றால் கடன் எதற்கு என்று வங்கி கேட்டால் என்ன எழுதுவீர்கள்?" என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார்.

கடிதத்தில் ஒக்டோபர் மாதத்தையே விரித்து எழுதினேன். எங்கள் புறக்கோட்டைப் புடவைக் கடையில் அம்மாதம் 30 இலட்சம் ரூபாய்க்கு விற்பனையாகும் என்றாலும், வெளியூர் வியாபாரிகள் பாதியை 60 நாள் காசோலையாகவே தருவதால், கைக்கு வருவது 15 இலட்சம்தான். தொடக்க இருப்பு 5 இலட்சத்தையும் ஓகஸ்ட் காசோலைகளின் 6 இலட்சத்தையும் சேர்த்தால் 26 ஆகும். சரக்குக்கு 28, வாடகைக்கும் சம்பளத்துக்கும் 6 என 34 போய்விடும். கேட்ட கடன் அந்த 8 இலட்சக் குறைக்குத்தான். நவம்பரில் வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். டிசம்பரில் காசோலைகள் மாறியதும் அடைப்போம்.

இலாபக் கணக்கே போதும் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியது பாதி சரி. எந்த மாதம் காசு முட்டுப்படும் என்பதை அது காட்டாது. வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற மாமா, திரும்பிவரும் காசோலைகளையும் கணக்கில் எடுக்கச் சொன்னார். அதனால் டிசம்பர் வரவை 15இலிருந்து 13 இலட்சமாகக் குறைத்தேன்.

முகாமையாளர் சென்ற ஆண்டின் கணக்குக் கூற்றுகளைக் கேட்டிருக்கிறார். நவம்பர் மதிப்பீட்டை அவர் இன்னும் ஏற்கவில்லை.