புதுப்பிப்பு: அலுமாரி வேட்டியில் பூஞ்சணம்

கேட்டது: "மாரி முடிஞ்சு அலுமாரியைத் திறந்தால் வெள்ளை வேட்டியெல்லாம் கறுப்புப் புள்ளி. எப்படிப் போக்கிறது, திரும்ப வராமல் என்ன செய்யிறது?"

எல்லாருக்கும் நன்றி. தேசிக்காயும் உப்பும் சொன்ன அக்காவின்ர வழிதான் சரிவந்தது. முதலில் வெளியில் காயவிட்டு, ஈரமில்லாத பிரஷால் தட்டவேணும். ஈரத்தோடு தேய்த்தால் நூலுக்குள் இறங்கிவிடும். பிறகு தேசிக்காய்ச் சாற்றில் உப்பைக் குழைத்துப் புள்ளியில் பூசி, 3 மணித்தியாலம் வெயிலில் போட்டு அலசினேன். இரண்டாம் தரம் வெளிறியது. மடிப்போரத்தில் இரண்டு புள்ளி இன்னும் மங்கலாக நிற்குது. பட்டுச்சேலைக்குக் கேட்டவர் இதைச் செய்யவேண்டாம், சாயம் போகும்.

பூச்சி உருண்டை சொன்ன தம்பி பாதி சரி: பூச்சி வராது, ஈரம் போகாது.

எதிர்பாராதது, கஞ்சி போட்டு மடித்த வேட்டிகளில்தான் புள்ளி. கஞ்சி பூஞ்சணத்துக்குத் தீனி. இனி உடுக்கமுன்தான் கஞ்சி. அலுமாரியையும் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளியாச்சு. அது போதுமோ, கார்த்திகையில் தெரியும்.