உயரும் தவணைக் கடன்: என் ஷீட்டில் நிலுவை அசையவே இல்லை

ரேவதி: கடன் 1,00,000. வட்டி ஆண்டுக்கு 12%, மாதம் 1%. முதல் 12 மாதம் தவணை 900, அடுத்த 24 மாதம் 2,000, கடைசியில் மிச்சம் மொத்தமும் ஒரே தொகையாக. கடன் கொடுத்தவர்கள் தந்த அட்டவணையில் 12-ஆம் மாத நிலுவை 1,01,268.25. என் ஷீட்டில் 1,00,000-லேயே நிற்கிறது. எது சரி?

முருகன்: அசல் பத்தியைக் கூட்டிப் பாருங்க. கடைசித் தொகையும் சேர்ந்து 1,00,000 வந்தா சரி.

சுந்தரம்: சாதாரணக் கடனுக்கு அது போதும் முருகன். இங்கே கடைசித் தொகையே "மிச்சம் எவ்வளவோ அவ்வளவு". நடுவில் எந்தத் தப்பு இருந்தாலும் அது விழுங்கிவிடும், கூட்டல் எப்போதும் பொருந்தும். ஒவ்வொரு மாத நிலுவையையும்தான் பார்க்கணும்.

ரேவதி, முதல் மாத வட்டி 1,000, நீங்கள் கட்டுவது 900. 100 குறைகிறது, நிலுவை ஏறணும். உங்கள் அசல் பத்தியில் MAX இருக்கா?

ரேவதி: ஆமாம் சார், `=MAX(0,C2-D2)`. எடுத்துவிட்டேன். இப்போது 1,01,200 வருகிறது.

சுந்தரம்: மாதம் சரியாக 100 ஏறுகிறது என்றால் வட்டி இன்னும் முதல் நாள் கடன்மேலேயே ஓடுகிறது. D பத்தியில் `$B$2` இருக்கும். அதை `B2` ஆக்கி கீழே இழுங்கள். இரண்டாம் மாத வட்டி 1,001 ஆகணும், நிலுவை 1,00,201. வரிசையை நம்பாமல் தனியாகச் சரிபார்க்க:

```
=FV(0.01,12,900,-100000)
=FV(0.01,24,2000,-101268.25)
```

முதலாவது 1,01,268.25, இரண்டாவது 74,636.88. உங்கள் ஷீட்டில் 12-ஆம் மாத நிலுவை முதலாவதோடு பொருந்தி, 36-ஆம் மாத நிலுவை இரண்டாவதோடு பொருந்தாவிட்டால், 2,000 தொடங்கும் வரிசை தள்ளிப்போயிருக்கும்.

அன்வர்: எனக்கு 31 நாள் மாதத்தில் வட்டி கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள், இதே பிரச்சினையா?

சுந்தரம்: இல்லை, அது நாள் கணக்கு. இதே கடனில் 31 நாளுக்கு, 365-ஆல் வகுத்தால் 1,019.18 வரும். ரேவதியின் அட்டவணையில் முதல் வரி 1,000 என்றால் அவருக்கு மாதக் கணக்குதான்.

ரேவதி: 1,000-தான் இருக்கிறது. இப்போது எல்லா மாதமும் பொருந்துகிறது, கடைசி வரி தவிர. அவர்கள் கேட்பது 76,636.88.

சுந்தரம்: வித்தியாசம் சரியாக ஒரு தவணை. 36-ஆம் மாத 2,000-ஐயும் சேர்த்து ஒரே வரியில் போட்டிருக்கிறார்கள். அதே மாதம் 2,000 தனியாகவும் கேட்டால் விடாதீர்கள்.

முருகன்: கட்டாத வட்டிக்கு வட்டி போடலாமா? தனியா வெச்சா ரேவதிக்கு நடுவுல வந்த 1,01,200 தானே சரி?

சுந்தரம்: ஒப்பந்தம் அப்படிச் சொன்னால் சரிதான். அந்த 68.25 முழுக்க வட்டிமேல் வட்டி. கட்டாத வட்டி அசலோடு சேரும் என்ற வரி இருக்கிறதா, ரேவதி?

ரேவதி: "நிலுவைத் தொகைமேல் வட்டி" என்று மட்டும்தான் இருக்கிறது. எழுத்தில் கேட்கிறேன்.