மூன்று மணி ரூமுக்கு இரண்டு பேர்: கோவொர்க்கிங் புக்கிங் தளம் கட்டிய அனுபவம்

டிசைனர், கோவை

அவிநாசி சாலையில் உள்ள ஒரு கோவொர்க்கிங் இடத்துக்குத் தளம் செய்து கொடுத்தேன். மீட்டிங் ரூமுக்கு மணிக் கணக்கில் வாடகை, யாருக்கும் ஒதுக்காத பொது இருக்கையான ஹாட் டெஸ்க்குக்கு டே பாஸ். எந்த ரூம் இப்போது காலி என்பது தளத்திலேயே தெரிய வேண்டும் என்று கேட்டார்கள்.

காலண்டரை முதலில் காட்டும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்டு, அதற்குப் பொருந்துகிற தொடக்க நேரங்களை மட்டும் காட்டினேன். ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்பவருக்கு 3 மணி காலியாக இருந்தும் 4 மணிக்கு வேறு புக்கிங் இருந்தால், அந்த 3 மணி அவருக்குப் பயன்படாது. கட்டம் கட்டமாக நாள் முழுவதையும் காட்டினால் அவர் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். போனில் அது பெரிய எரிச்சல். பச்சை, சிவப்பு மட்டும் வைக்காமல் 'காலி', 'புக் ஆகிவிட்டது' என்று எழுத்திலும் போட்டேன். நிறம் பிரித்தறிய முடியாதவர்களும் அதே தளத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

உண்மையில் அதிக நேரம் எடுத்தது, ஒருவர் பணம் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த ரூம் யாருடையது என்ற கேள்விதான். உங்களில் இதைச் செய்தவர்கள் எப்படிக் கையாண்டீர்கள்?

டெவலப்பர், மதுரை

வெப்சாக்கெட் போடுங்கள் அண்ணா. ஒருவர் தொட்ட உடனே மற்ற எல்லார் திரையிலும் அந்த நேரம் மறைந்துவிடும். இரட்டை புக்கிங் என்ற பேச்சே வராது. என் கல்யாண மண்டபத் தளத்தில் அப்படித்தான் செய்தேன், பிரச்சினையே வரவில்லை.

டிசைனர், கோவை

திரை புதுப்பிப்புக்கு அது நல்லதுதான் தம்பி. ஆனால் திரையில் தெரிவது எப்போதுமே சற்று முந்தைய நிலைதான். லிஃப்டில் நெட் போனவர் திரையில் பழைய பட்டியலே நிற்கும். அவர் வெளியே வந்து பொத்தானை அழுத்துவார். இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினாலும் இதே கதை. மண்டபத்துக்கு ஒரு நாளில் ஓரிருவர் வருவார்கள், அதனால் உங்களுக்கு மோதல் வந்திருக்காது. காவல் டேட்டாபேஸில் இருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் நான் வைத்தது இது:

```sql
CREATE EXTENSION IF NOT EXISTS btree_gist;
ALTER TABLE booking ADD CONSTRAINT no_overlap
EXCLUDE USING gist (room_id WITH =, during WITH &&)
WHERE (status IN ('hold', 'paid'));
```

`during` என்பது தொடக்கமும் முடிவும் சேர்ந்த நேர வரம்பு, அதன் வகை `tstzrange`. ஒரே ரூமில் ஒன்றின் மேல் ஒன்று விழும் இரண்டு நேரங்களை டேட்டாபேஸே ஏற்காது. `23P01` என்ற பிழை வரும். அந்தப் பிழையைப் பிடித்து 'இந்த நேரம் இப்போதுதான் போய்விட்டது, 4:30 காலி' என்று அடுத்த வாய்ப்போடு காட்டினேன். தொடக்கம் சேரும், முடிவு சேராது என்று எல்லையை `[)` ஆக வைத்தால் 3 முதல் 4, 4 முதல் 5 இரண்டும் மோதாது. திரையை 20 நொடிக்கு ஒருமுறை புதுப்பித்ததே எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஃப்ரீலான்சர், திருச்சி

டே பாஸ் எடுத்தால் மீட்டிங் ரூம் சேர்த்தா, தனியா? நான் போன ஓர் இடத்தில் டே பாஸ் விலையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அங்கே போய் ஒரு கால் பேச ரூம் கேட்டதும் தனி பில். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தளத்திலேயே மொத்தத் தொகையைச் சொல்லியிருந்தால் நான் வீட்டிலிருந்தே பேசியிருப்பேன்.

டிசைனர், கோவை

இடத்துக்கு இடம் மாறும். நீங்கள் சொன்ன குறை நியாயமானது. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே வரியோடு சேர்த்த தொகையைக் காட்ட வேண்டும். பணம் கட்டும் பக்கத்தில் முதல்முறையாக ஏறக் கூடாது.

டெவலப்பர், சிங்கப்பூர்

டே பாஸைப் பற்றி ஒன்று. அதை ரூம் மாதிரி நேர மோதலாகப் பார்க்கத் தேவையில்லை, எண்ணிக்கையாகப் பார்த்தால் போதும். டேட்டாபேஸ் டேபிளில் அன்றைய நாளுக்கான வரிசையில் `sold < capacity` என்ற நிபந்தனையோடு `sold` எண்ணை ஒன்று கூட்டுங்கள். எந்த வரிசையும் மாறவில்லை என்றால் இடம் முடிந்தது என்று அர்த்தம். முதலில் படித்து, பிறகு தனியாகக் கூட்டினால் கடைசி இருக்கை இரண்டு பேருக்குப் போகும்.

தேதியும் கவனம். எங்கள் சர்வர் யூடிசி நேரத்தில் ஓடியது. இங்கே நள்ளிரவிலிருந்து காலை 8 மணி வரை அதற்கு இன்னும் நேற்றுதான். விடிகாலையில் 'இன்றைக்கு' என்று பாஸ் வாங்கியவருக்கு முந்தைய நாள் பாஸ் வந்தது, கதவு திறக்கவில்லை. இந்தியாவில் இந்த இடைவெளி காலை 5:30 வரை. கிளை இருக்கும் ஊரின் நேர மண்டலத்தை வைத்துத் தேதியைக் கணக்கிடுங்கள்.

சரி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பணம் கட்டி முடிக்கும்வரை ரூமைப் பிடித்து வைக்கும் `hold` எவ்வளவு நேரம் வைத்தீர்கள்?

டிசைனர், கோவை

10 நிமிடம். ஒரு சம்பவத்தை வைத்துச் சொல்கிறேன். எட்டுப் பேர் ரூம், மாலை 3 முதல் 4. ஒருவர் 2:40க்கு யூபிஐயில் பணம் அனுப்புகிறார். அவர் செயலியில் 'நிலுவை' என்று நிற்கிறது. 2:50க்கு `hold` முடிகிறது. 2:51க்கு இன்னொருவர் அதே ரூமை எடுத்துப் பணமும் கட்டிவிடுகிறார். 2:53க்கு முதலாமவர் பணம் வந்துவிட்டதாக பேமென்ட் கேட்வேயிடமிருந்து வெப்ஹுக் வருகிறது. அதை அப்படியே `paid` ஆக்கப் போனால் மேலே உள்ள கட்டுப்பாடு தடுக்கும். தடுத்தால் உடனே ரீஃபண்டைத் தொடங்கி, அவருக்குச் செய்தியும் காலியாக உள்ள வேறு ரூமும் போகும்படி வைத்தேன். யாரும் ரூமை எடுத்திருக்காவிட்டால் தாமதமாக வந்த பணத்துக்கும் புக்கிங் உறுதியாகிவிடும். ஒரே வெப்ஹுக் இரண்டு முறை வரலாம், ஆகவே பேமென்ட் எண்ணை வைத்து ஒருமுறைதான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: அந்தக் கட்டுப்பாட்டின் `WHERE` பகுதிக்குள் `now()` எழுத முடியாது. காலாவதியான `hold` தானாக விலகாது. புதிய புக்கிங்கைப் போடும் அதே டிரான்ஸாக்ஷனில், அதற்கு முன்பாகப் பழையவற்றை `expired` ஆக்க வேண்டும். பழையவற்றை விலக்க நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஓடும் வேலையை மட்டும் நம்பினால், அது நின்றுபோன நாளில் எல்லா ரூமும் நிரம்பியதாகத் தெரியும், ரூம்கள் காலியாகவே கிடக்கும்.

கிளை மேலாளர், சென்னை

எனக்கு டேட்டாபேஸ் தெரியாது. ஓஎம்ஆரில் ஒரு கிளையைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களுக்கு வந்த இரட்டை புக்கிங் பெரும்பாலும் ஆன்லைனில் வரவில்லை, ரிசப்ஷனிலிருந்து வந்தது. மெம்பர் ஒருவர் நேரில் வந்து 'மேடம், அரை மணி நேரம் ரூம் கொடுங்க' என்பார், பெண் நோட்டில் எழுதுவாள். வாட்ஸ்ஆப்பில் ஒருவர் கேட்பார். தளத்தில் அந்த ரூம் காலியாகவே இருக்கும்.

சொல்லிச் சொல்லிப் பார்த்தோம், நடக்கவில்லை. அப்புறம் ரிசப்ஷனுக்குத் தனித் திரை செய்யச் சொன்னோம். ரூமைத் தொட்டால் 'இப்போதிலிருந்து 30 நிமிடம்', '1 மணி' என்ற பொத்தான்கள். பெயர், பில் எல்லாம் பிறகு. நோட்டில் எழுதுவதைவிட அது சீக்கிரம் என்றதும் நோட்டு தானாக நின்றது.

இன்னும் எங்களுக்குள் முடியாத சண்டை ஒன்று இருக்கிறது. கூட்டம் 4 மணிக்கு முடிந்தால் 4 மணிக்கே அடுத்தவர் வாசலில் நிற்கிறார். முன்னவர் எழுந்திருக்க மாட்டார், கப், போர்டு சுத்தம் செய்ய நேரமில்லை. இடைவெளி எப்படி விடுகிறீர்கள்?

டிசைனர், கோவை

நாங்கள் `during` நேரத்தை 4:10 வரை வைத்து, பில்லை 4 வரை போட்டோம். தொடக்க நேரம் அரை மணிக்கு ஒன்று என்பதால் அடுத்த புக்கிங் 4:30க்குத்தான். 4:10க்குப் பிறகு வரும் 20 நிமிட வாடகை போகிறதே என்று உரிமையாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டெவலப்பர், சிங்கப்பூர்

நாங்கள் ஒரு மணி என்று விற்று, 50 நிமிடம்தான் என்று புக் செய்யும்போதே காட்டினோம். வாடகை போகவில்லை. ஆனால் முழு மணிக்குப் பணம் கொடுத்தவர்களிடமிருந்து புகார் வந்தது, இப்போதும் வருகிறது.

கிளை மேலாளர், சென்னை

50 நிமிடத்தை எங்கள் மெம்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தொடக்க நேரத்தை 15 நிமிடத்துக்கு ஒன்றாக்கினால் 4:15 கிடைக்குமே? திங்கட்கிழமை தளம் செய்தவரிடம் கேட்கிறேன்.