வீட்டுக் கடன்: ஸ்ப்ரெட்டைக் குறைக்க யாரிடம் கேட்பது?

வேளச்சேரி கிளையில் 2021-ல் வாங்கிய 40 லட்சம் வீட்டுக் கடன், ஃப்ளோட்டிங் வட்டி. பாக்கி 35 லட்சம். என் வட்டி ரெப்போ + 3.35%; ரெப்போவுக்கு மேல் வங்கி சேர்க்கும் இந்த 3.35%தான் ஸ்ப்ரெட். அதே வங்கி புதியவர்களுக்கு ரெப்போ + 2.65%-க்குத் தருகிறது. அந்த 0.70%-க்கு வருஷம் சுமார் 24,500 ரூபாய் கூடுதல் வட்டி.

ஒரு இஎம்ஐகூடத் தவறியதில்லை, சிபில் 801. கடன் ஸ்டேட்மென்ட், சிபில் அறிக்கையோடு மேனேஜரிடம் கடிதம் கொடுத்தேன். "ரெப்போ குறைந்தால் தானாகக் குறையும்" என்கிறார். நான் கேட்பது ரெப்போவை அல்ல, ஸ்ப்ரெட்டை! வேறொரு வங்கியின் சாங்ஷன் கடிதத்தைக் காட்டியும் அசையவில்லை. மாறினால் முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் கிடையாதுதான். ஆனால் பிராசஸிங் கட்டணம், லீகல், மறுபடி எம்ஓடி பதிவு என்று செலவு இருக்கிறது.

கிளையைத் தாண்டி, ஸ்ப்ரெட்டைக் குறைக்கும் அதிகாரம் வங்கியில் எந்தப் பிரிவுக்கு இருக்கிறது?